ஒரே நெல் விலையில் ஆலை ஓடாது

அரிசி ஆலைக்கான திட்ட அறிக்கையில் இயந்திரத்துக்குப் பல பக்கம் ஒதுக்குவார்கள். நெல்லுக்கு ஒரு வரிதான். ஆண்டுக்கு 300 நாள் அரவை, குவிண்டால் நெல் 2,400 ரூபாய் என்று அந்த வரி முடிந்துவிடும். இப்படியோர் அறிக்கையை நம்பி சோழபுரத்தில் ஆலை போட வங்கி கடன் கொடுக்கக்கூடாது.

சோழபுரத்தைச் சுற்றியுள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வயல்கள் கண்மாயையும் கிணற்றையும் நம்பியவை. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகினால் தை முதல் பங்குனி வரை நெல் வரும். திருநெல்வேலிப் பிசான நெல்லும் ஏறக்குறைய அப்போதுதான் களத்துக்கு வருகிறது. அடுத்த வரத்துக்குப் புரட்டாசி வாக்கில் தாமிரபரணிக் கார் நெல்லையோ தஞ்சைக் குறுவையையோ எதிர்பார்க்க வேண்டும். அதற்கு லாரி வாடகை தனி.

இடையில் ஆலை ஓட, அறுவடையிலேயே வாங்கி அடுக்க வேண்டும். நாளுக்கு 8 டன் அரைக்கும் ஆலைக்கு மாதம் 25 நாளைக்கு 200 டன் நெல் வேண்டும். அறிக்கை சொல்லும் 2,400 ரூபாய் விலைக்கே அது 48 லட்சம் ரூபாய். ஐந்து மாத இருப்புக்கு 2 கோடியே 40 லட்சம். ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றால் குவிண்டாலுக்கு மாதம் 24 ரூபாய் ஏறும். ஐந்து மாதம் கிடந்த நெல்லின் அடக்கம் 2,520. சாக்கு, எலி, எடைக்குறைவு இதில் சேரவில்லை.

ஈரம் இன்னொரு கணக்கு. அறுவடை இயந்திரத்திலிருந்து நேரே வரும் நெல்லில் 20 சதவீத ஈரம் சாதாரணம். அதை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 100 கிலோ 93 கிலோவாகிவிடும். நூற்றுக்கு 65 அரிசி என்று கணக்கெழுதியவருக்குக் கிடைப்பது அறுபதரைதான். ஒரு கிலோ அரிசிக்கான நெல் செலவு 36.90 ரூபாயிலிருந்து 39.70 ஆகிவிடும். பழகிய வியாபாரி நெல்லைப் பல்லில் கடித்தே ஈரத்தைச் சொல்லிவிடுவார். ஆலைக்கு ஈரமானியே வேண்டும், விலையும் அதன்படியே பேச வேண்டும்.

விலை ஏறி இறங்குவதற்கு அரசும் ஒரு காரணம். 2025-26 பருவத்தில் தமிழக ஊக்கத்தொகையோடு அரசின் கொள்முதல் விலை சாதா ரகத்துக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். கொள்முதல் நிலையம் திறந்துவிட்டால் அதற்குக் கீழே கேட்கும் ஆலைக்கு நெல் வராது. திறக்கத் தாமதமானால் விலை சரியும். அரிசி விலையோ வேறு வழியில் போகும். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியைத் தடைசெய்த மத்திய அரசு, 2024 செப்டம்பரில் தடையை நீக்கியது. விலை ஏறும் என்று கிடங்கை நிரப்பி வைத்தவரை நட்டத்தில் தள்ள இத்தகைய ஒரு தடை அறிவிப்பே போதும்.

ஆகவே வங்கிகள் மாதவாரி நெல் அட்டவணை கேட்கட்டும்: எந்த ஊர் நெல், என்ன ஈரம், ஆலை வாசலில் என்ன விலை. நெல் குவிண்டாலுக்கு 200 ரூபாய் கூடி, அரிசி விலை அசையாவிட்டால் எத்தனை மாதம் தாங்கும் என்றும் கேட்கட்டும். தாங்காது என்றால் முதல் இரண்டு ஆண்டு கூலி அரவையோடு நிற்பதே மேல். அங்கே விலை நட்டம் நெல் கொண்டுவருபவருடையது. தாங்குமென்றால் நடைமுறை மூலதனக் கடனை மார்கழிக்குள் கொடுத்துவிட வேண்டும். சித்திரையில் வரும் பணத்துக்குக் கிடைப்பது வியாபாரி வாங்கி அடுக்கிய நெல்தான்.