உறைக்குக் கொஞ்சம் தயிர்

மழை எச்சரிக்கை வந்துவிட்டால் எங்கள் தெருவே பால் பூத்துக்கு முன்னால்தான் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை பால் பாக்கெட்டுக்குப் பட்ட பாடு அப்படி. இந்த வாரம் எதிர்வீட்டு அம்மா அரை லிட்டர் பாக்கெட்டுகளை அப்படியே ஃப்ரீசரில் அடுக்கிவிட்டார். மறுநாள் பார்த்தால் ஒன்று ஓரம் விட்டிருந்தது. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். உறைந்தால் விரியத்தான் செய்யும். மூடி போட்ட டப்பாவில் ஊற்றி, மேலே இரண்டு விரல் இடம் விட்டு வைத்திருக்கலாம்.

"உருகினதும் திட்டுத் திட்டா மிதக்குதே, கெட்டுப்போச்சா சார்?" என்றார். இல்லை. கொழுப்புத் துளிகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய தோலை ஐஸ் கிழித்துவிடுவதால் கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. காய்ச்சிக் கலக்கினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். புளித்த வாடை அடித்தாலோ, காய்ச்சும்போது திரிந்தாலோதான் கெட்டது என்று அர்த்தம். அவர் பாலைச் சமையல் மேடையில் வைத்து உருக்கியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நடுவில் ஐஸ் இருக்கும்போதே ஓரத்துப் பால் சூடேறிவிடும். குளிர் கிருமிகளை முழுசாகக் கொல்வதில்லை, பலவற்றைச் சும்மா முடக்கிப் போடுகிறது; சூடு பட்டதும் அவை வேலையை ஆரம்பித்துவிடும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு பாத்திரத்துக்குள் வைத்து, ஓர் இரவோ ஒரு நாளோ காத்திருப்பதே சரி.

கிருமி முழுசாகச் சாகாது என்றதும் என் புத்தி தயிருக்குப் போய்விட்டது. இந்தப் பத்தியின் பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கெட்டித் தயிரை ஃப்ரீசரில் வைத்து எடுத்துத் தயிர்சாதம் பிசைவது அநியாயம். தயிரில் புரதம் வலையாக நின்று நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஐஸ் அந்த வலையை அறுத்துவிட, உருகியதும் கீழே ரவை ரவையாகவும் மேலே மஞ்சள் தண்ணீராகவும் பிரிந்து நிற்கும். எவ்வளவு கலக்கினாலும் பழைய கெட்டி திரும்பாது. கடைந்து மோராக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் உறைக்கு அந்த வலை எதற்கு? உயிர் இருந்தால் போதுமே! ஒரு மாதம் ஊருக்குப் போய் வருபவர்கள் கடைக் கப் தயிரை வாங்கி உறை ஊற்றி, வீட்டுத் தயிரின் ருசியையே தொலைத்துவிடுகிறார்கள். இது எனக்கு நெடுநாள் ஆற்றாமை. கிளம்பும் முன், புளிக்காத புதுத் தயிரை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளை மூடிய டப்பாவில் போட்டுவிட்டுப் போனால் என்ன?

திரும்பி வந்ததும் ஒரு கட்டியைக் கிண்ணத்தில் போட்டு ஃப்ரிட்ஜிலேயே உருக விடுங்கள். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் அதைக் கரைத்து ஊற்றுங்கள். பாக்டீரியாவில் ஒரு பகுதி செத்திருக்கும், மிச்சம் சோம்பலாக இருக்கும். அதனால் வழக்கத்தைவிடச் சில மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். தயிரும் கொஞ்சம் தளர்வாகவே தோயும். அதில் எடுத்து மறுபடி உறை ஊற்றினால் பழைய கெட்டி வந்துவிடும். நூல் நூலாக இழுத்தாலோ, கள் வாடை அடித்தாலோ மட்டும் அந்த டப்பாவில் மிச்சமிருக்கும் கட்டிகளையும் சேர்த்துக் கொட்டிவிடுங்கள்.