பெயர் மாறிப்போன விண்ணப்பம்

ஹெந்தளையில் எங்களோடு படித்த ஒரு தோழி போன மாதம் இரவோடு இரவாக ஒரு வேலைக்கு மெயில் அனுப்பினாள். முதல் வாரம் வேறொரு கம்பனிக்கு எழுதின கடிதத்தையே எடுத்துத் திருத்தியிருந்தாள். தலைப்பிலும் முதல் வரியிலும் பெயரை மாற்றினவள், கடைசிப் பந்தியை மறந்துவிட்டாள். "உங்கள் நிறுவனத்தில் சேர ஆவலாக உள்ளேன்" என்ற இடத்தில் பழைய கம்பனியின் பெயர் அப்படியே இருந்தது. காலையில் பஸ்ஸில் வாசித்துப் பார்த்தபோதுதான் கண்டாள்.

ஜிமெயிலில் அனுப்பினதை நிறுத்தக் கூடியபட்சம் 30 செக்கன்தான். அது இரவே போய்விட்டது.

எங்களில் பாதிப்பேர், "விட்டுடு, கவனிக்க மாட்டாங்க" என்றோம். அவள் கேட்கவில்லை. தான் அனுப்பிய அதே மெயிலுக்கே பதிலாக இப்படி எழுதினாள்:

"நேற்று அனுப்பிய கடிதத்தின் கடைசிப் பந்தியில் வேறொரு நிறுவனத்தின் பெயரை எழுதிவிட்டேன். பிழை என்னுடையது, மன்னிக்கவும். திருத்திய கடிதத்தை இணைத்துள்ளேன். உங்கள் விளம்பரத்தில் கேட்டிருந்த வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை இப்போதைய வேலையில் மாதாமாதம் நான்தான் தயாரிக்கிறேன். அதை இரண்டாம் பந்தியில் சேர்த்துள்ளேன்."

அவள் செய்தது சரி என்பதுதான் இப்போது எங்கள் கருத்து. அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்பினதால், வாசிக்கிறவர் பழையதைத் தேடி அலையத் தேவையில்லை. மன்னிப்பு ஒரு தடவைதான். காய்ச்சல், கரண்ட் கட் என்ற கதை ஒன்றும் இல்லை. நாலைந்து தடவை மன்னிப்புக் கேட்டால், சின்னப் பிழையை நாமே பெரிதாக்கிக் காட்டினதாகிவிடும்.

ஆனால் எங்களை யோசிக்க வைத்தது அந்தக் கடைசி இரண்டு வசனங்கள். நாம் பல இடங்களுக்கு விண்ணப்பிக்கிறோம் என்பது ஆள் எடுக்கிறவருக்குத் தெரியாத ரகசியமா? பெயர் மாறினதால் வெளியில் தெரிவது வேறொன்று: மிச்சக் கடிதமும் யாருக்கும் பொருந்துகிற கடிதம் என்பது. அவளுடைய முதல் கடிதத்தில் பெயரை எடுத்துவிட்டால், அந்தக் கம்பனிக்கென்று ஒரு வரிகூட இருக்கவில்லை. திருத்தும்போதுதான் விளம்பரத்தை ஒழுங்காக வாசித்தேன் என்று அவளே சொன்னாள்.

எல்லாப் பிழைக்கும் இப்படி இன்னொரு மெயில் வேண்டியதில்லை. ஒரு எழுத்துப் பிழைக்காக எழுதினால் அது தொந்தரவு. கம்பனியின் பெயர், பதவியின் பெயர், உங்கள் தொலைபேசி இலக்கம் பிழைத்தால் எழுதத்தான் வேணும். எழுத முதல் இணைப்பையும் திறந்து, பழைய பெயரைத் தேடிப் பாருங்கள். பைலின் பெயரிலும் அது ஒளிந்திருக்கும். திருத்தத்தையும் திருத்தி மூன்றாவது மெயில் போனால், பிறகு எந்த நயமான வசனமும் உதவாது.

அவளுக்கு இன்னும் பதில் வரவில்லை. வராமலும் போகலாம். அடுத்த கடிதத்தை அவள் பழையதிலிருந்து எடுக்கவில்லை, விளம்பரத்திலிருந்து தொடங்கினாள்.