செஸ் ஏன் கடைசியில்?

அதிகாலை ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிறவரின் படிவம் 16-இலும், அங்கே தொழில் நடத்துகிறவரின் கணக்கிலும் கடைசியில் வருவது ஒரே வரிதான்: 4 சதவீத சுகாதார, கல்வி செஸ். ஆண்டு வருமானம் 50 லட்சத்தைத் தாண்டாதவருக்கு அது வருமான வரியின் மேல் மட்டும். தாண்டியவருக்கோ சர்சார்ஜையும் சேர்த்த தொகையின் மேல்.

புதிய முறையில் 2025-26இல் வரிக்குரிய வருமானம் 54 லட்சம் என்றால் வரி 12 லட்சம், சர்சார்ஜ் 10 சதவீதம், அதாவது 1,20,000 ரூபாய். மொத்தம் 13,20,000. இதில் செஸ் 52,800. கட்ட வேண்டியது 13,72,800.

செஸ்ஸை முதலில் போட்டு, அதன் மேல் சர்சார்ஜ் கணக்கிட்டாலும் இதே 13,72,800தான் வரும். ஆனால் செஸ் 48,000 ஆகக் குறையும்; மீதி 4,800 எந்த நோக்கத்துக்கும் கட்டுப்படாத சர்சார்ஜில் போய்ச் சேரும். கல்விக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கும் தொகை குறையாதிருக்க, செஸ்ஸைக் கடைசியில் போடும் வரிசை உதவுகிறது. ஆண்டுதோறும் நிதிச் சட்டம் இந்த வரிசையைத் தெளிவாகவே சொல்கிறது.

செஸ், சர்சார்ஜ் இரண்டிலும் மாநிலங்களுக்குப் பங்கில்லை. இன்றைய செஸ்ஸுக்கு முன்பிருந்த இடைநிலை, உயர்கல்வி செஸ் 2007இல் வந்தது; அதற்கான தனி நிதியத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2017இல்தான். வசூலில் காட்டும் கறாரை மத்திய அரசு செலவுக் கணக்கிலும் காட்ட வேண்டும். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் செஸ் வரவு, நிதியத்துக்கு மாற்றியது, செலவானது மூன்றையும் ஒரே பக்கத்தில் வெளியிட வேண்டும்.