“வெறும் வயித்துல” இல்லைங்க, “சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி”!

1/ ஓபில தினமும் கேட்கிற வசனம்: “டாக்டர், கேஸ் மாத்திரை ஒன்னு சேர்த்து எழுதிடுங்க.” நாங்களும் எழுதிடுறோம். காய்ச்சலுக்கும் எழுதுறோம், முட்டிவலிக்கும் எழுதுறோம். எப்ப சாப்பிடணும்னு மட்டும் சொல்றதில்லை. இந்த த்ரெட் அந்தத் தப்பைப் பத்தி. குற்றவாளிக் கூண்டுல நானும் இருக்கேன்.

2/ முதல்ல ஒரு கேஸ். பூ கட்டி விக்கிற அக்கா, 48 வயசு. எட்டு மாசமா பான்டோபிரசோல் 40. நெஞ்செரிச்சல் குறையல. போன தடவை போனப்ப ஒன்னை ரெண்டாக்கிட்டாங்க. அப்பவும் குறையல. “எண்டோஸ்கோபி எடுக்கலாமா சார்?”னு கேட்டு வந்தாங்க.

3/ நான் கேட்டது ஒரே கேள்வி: “காலையில மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு?” மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது 4 மணிக்கு மாத்திரை. யாவாரம் முடிஞ்சு 10 மணிக்கு இட்லி. ராத்திரி மாத்திரை சாப்பிட்டு முடிச்சு, படுக்கும்போது. சீட்டுல எழுதினது “வெறும் வயிற்றில்”. அவங்க அதை அப்படியே செஞ்சிருக்காங்க.

4/ இதுல என்ன தப்பு? வயித்துச் சுவர்ல அமிலம் சுரக்கிற குட்டி குட்டி பம்ப் இருக்கு. பட்டினியா இருக்கும்போது அதுல பெரும்பாலானது தூங்கும். சாப்பாடு வந்தாதான் முழிக்கும். பான்டோபிரசோல், ஓமெப்ரசோல் வகை மாத்திரை முழிச்சிருக்கிற பம்பைத்தான் பூட்டும். தூங்குறதை ஒன்னும் பண்ணாது.

5/ ரத்தத்துல அந்த மருந்து ரொம்ப நேரம் நிக்காது. சுமார் ஒரு மணி நேரத்துல பாதியாகும், அடுத்த ஒரு மணில அதுலயும் பாதி. 4 மணிக்குப் போட்டது 10 மணி இட்லிக்கு அநேகமா மிச்சமே இருக்காது. ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டதோ, குடலுக்குப் போய் ரத்தத்துல ஏறுறதுக்குள்ள பம்ப் வேலையை முடிச்சிருக்கும். ரெண்டு மாத்திரையும் பெரும்பாலும் வீண்.

6/ மாத்தினது இவ்வளவுதான். ராத்திரி மாத்திரையை நிறுத்தினோம். காலை மாத்திரை 9.30க்கு, இட்லி 10க்கு. ராத்திரி சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவுல மூணு மணி நேரம். முழுப் பலன் தெரிய நாலஞ்சு நாள் ஆகும், முதல் நாளே எதிர்பார்க்காதீங்கன்னும் சொன்னேன். ரெண்டு வாரம் கழிச்சு வந்தாங்க. எரிச்சல் அடங்கியிருந்தது. மருந்து பாதி, பலன் அதிகம்.

7/ “சரி, இப்பவே எரியுது, இதைப் போடலாமா?” வேணாம். அதுக்கு ஆன்டாசிட், அதாவது ஜெல் சிரப், மெல்லுற மாத்திரை. ஏற்கனவே சுரந்த அமிலத்தை நேரடியா தணிக்கும், சில நிமிஷத்துல கேட்கும். வெறும் வயித்துல குடிச்சா அரை மணியில வயித்தை விட்டு இறங்கிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிச்சா ரெண்டு மூணு மணி நேரம் தாங்கும்.

8/ தைராய்டு, இரும்புச்சத்து மாத்திரையோட சேர்த்துக் குடிக்காதீங்க, அதை உடம்புல ஏற விடாது. தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி வேணும். கிட்னி கோளாறு இருந்தா கேட்காம குடிக்கவே கூடாது.

9/ நடுவுல இருக்கிறது ஃபாமோடிடின் வகை. ஒரு மணி நேரத்துல வேலையை ஆரம்பிச்சு பத்து மணி நேரம் வரை நிக்கும். ராத்திரி மட்டும் எரியுதுன்னா படுக்கும் முன் போடலாம், சாப்பாட்டுக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. ஆனா தினமும் போட்டா ஒன்னு ரெண்டு வாரத்துல உடம்பு பழகிடும், வேகம் குறையும்.

10/ “அப்ப பான்டோபிரசோலை நாளைக்கே நிறுத்திடலாமா?” மாசக்கணக்கா சாப்பிட்டு திடீர்னு நிறுத்தினா, அடக்கி வச்ச அமிலம் சில வாரம் கூடுதலா சுரக்கும். நோய் திரும்பிடுச்சுன்னு பயந்து மறுபடி ஆரம்பிப்பீங்க. டாக்டர்கிட்ட சொல்லி படிப்படியா குறைங்க. ஆஸ்பிரின் மாதிரி இதய மாத்திரைக்குத் துணையா, இல்ல வயித்துப்புண்ணுக்குக் கொடுத்திருந்தா நீங்களா கை வைக்காதீங்க.

11/ விழுங்கும்போது அடைக்குது, மலம் தார் மாதிரி கருப்பு, ரத்த வாந்தி, காரணமில்லாம எடை குறையுது: இதுக்கு மாத்திரை நேரத்தை மாத்திப் பார்த்துட்டு இருக்காதீங்க, உடனே வாங்க. நெஞ்சு இறுக்கி வேர்த்துக் கொட்டினா “கேஸ்”னு சிரப் குடிக்காதீங்க. முதல்ல ஈசிஜி.

12/ சக டாக்டர்களுக்கு: “வெறும் வயிற்றில்”னு எழுதுறதை நிறுத்துவோம். “முதல் சாப்பாட்டுக்கு அரை மணி முன்”னு எழுதுவோம். கூட்டம் எனக்கும் தெரியும், ஒரு ஓபில எத்தனை பேர்னு எனக்கும் தெரியும். ஆனா அஞ்சு வார்த்தைதான். அதை எழுதாததால அந்த அக்கா எட்டு மாசம் எரிச்சலோட பூ கட்டினாங்க.