ஊர்ப்பெயரும் பலி எண்ணிக்கையும்



2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்தது. தீக்காயத்தோடு கிடந்தவர்கள் அடுத்தடுத்த நாட்களில் இறக்க, பலி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அதிலிருந்து வெடிவிபத்துச் செய்தி எதைப் படித்தாலும் எண்ணுக்குப் பக்கத்தில்தான் என் கண் போகும். எத்தனை மணி நிலவரம், சொன்னது மாவட்ட நிர்வாகமா மருத்துவமனையா? அது இல்லையென்றால் அந்தச் செய்திக்கு என்னிடம் பாதி மதிப்பெண் போய்விட்டது.

‘உராய்வால் வெடித்தது’ என்பதும் அப்படித்தான். மருந்து கலந்த அறையில் இருந்தவரே உயிரோடு இல்லை என்றால், அது யார் சொன்ன காரணம்? ‘போலீசாரின் முதற்கட்டத் தகவல்’ என்றாவது எழுதுங்கள்.

தலைப்பில் பொத்தாம்பொதுவாகச் ‘சிவகாசி’ என்று போடாதீர்கள். அச்சங்குளம் சாத்தூர் பக்கம். வேலைக்குப் போனவர்களின் வீட்டார் ஊர்ப்பெயரைத்தான் முதலில் தேடுவார்கள்.

- வாசகர், சாத்தூர்