"பிளாக் பண்ணிக்கோங்க சார்" என்பது பதில் இல்லை

1/ தாம்பரம், முடிச்சூர், வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் இருக்கிற எல்லாருக்கும் இந்தக் குரல் தெரியும். "சார், கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பிளாட் இருக்கு, சைட் விசிட் வர்றீங்களா?" எனக்கு 9 நாளில் ஒரே 10 இலக்க மொபைல் நம்பரில் இருந்து 11 கால். வேண்டாம்னு சொன்னது முதல் காலிலேயே.

2/ "தெரியாத நம்பரை எடுக்காதீங்க டாக்டர்"னு சொல்லாதீங்க. நேத்து டிஸ்சார்ஜ் ஆன பேஷன்ட்டோட மகன் என் போன்ல சேவ் ஆகியிருக்க மாட்டார். லேப்ல பொட்டாசியம் ஏடாகூடமா வந்தா, கூப்பிடுற டெக்னீஷியன் நம்பரும் இருக்காது. தெரியாத நம்பரை எடுக்கிறதுதான் என் வேலை.

3/ என் சிம் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். வந்த பதில்: "உங்கள் டி.என்.டி. ஆக்டிவாக உள்ளது. அந்த எண்ணை பிளாக் செய்துகொள்ளவும்." திரும்ப எழுதினால், "அந்த எண் எங்கள் நெட்வொர்க் இல்லை." ரெண்டு தடவையும் புகாரை மூடிட்டாங்க. இந்த ரெண்டு பதிலுமே செல்லாது. ஏன்னு பாருங்க.

4/ டிராய் 2018ல் போட்ட விதி, 2025 பிப்ரவரியில் திருத்தினாங்க. அதன்படி விளம்பரக் காலுக்கு சாதாரண 10 இலக்க நம்பரைப் பயன்படுத்தவே கூடாது. 140ல் தொடங்கும் நம்பரில்தான் வரணும். இப்படிப் பதிவு செய்யாத ஆள் கூப்பிட்டால், நீங்க டி.என்.டி. போடாமல் இருந்தாலும் புகார் கொடுக்கலாம்.

5/ வேற நெட்வொர்க் என்றால்? புகாரை வாங்கி, கூப்பிட்டவனோட கம்பெனிக்கு அனுப்ப வேண்டியது நம்ம கம்பெனியின் கடமை. நம்மை அலையவிட அவங்களுக்கு உரிமை கிடையாது.

6/ புகாரைத் தட்டிக்கழிக்க முடியாதபடி எழுத 4 விஷயம் போதும்: உங்க நம்பர், கூப்பிட்ட நம்பர், தேதி, என்ன விற்றார்கள் என்று ஒரு வரி. என் கடிதத்தின் சாரம் இதுதான்:

"எனது எண் ____. ____ என்ற எண்ணில் இருந்து ____ தேதி காலை 11.20க்கு, ஊரப்பாக்கம் அருகே வீட்டுமனை விற்பதாக அழைப்பு வந்தது. நான் சம்மதம் அளிக்கவில்லை. இதைப் பதிவு செய்யாத விற்பனையாளர் மீதான புகாராகப் பதிந்து, புகார் எண் தரவும்."

மனைத் திட்டத்தின் பெயரைச் சொன்னால் அதையும் எழுதுங்க. சிம் மாறும், விற்கிற மனை மாறாது.

7/ கால் வந்த 7 நாளுக்குள் கொடுக்கணும். அதுக்கப்புறம் போனால் அது புகாராகச் சேராது, வெறும் தகவல்தான். அதனால தபாலை நம்பாதீங்க. 1909க்கு கால், எஸ்.எம்.எஸ்., இல்லைன்னா கம்பெனி ஆப். புகார் எண் வாங்காம விடாதீங்க.

8/ இப்ப முக்கியமான இடம். 10 நாளில் 5 வெவ்வேறு பேர் புகார் கொடுத்தால்தான், அந்த ஆளின் அவுட்கோயிங்கை நிறுத்தி விசாரிக்கணும் என்கிறது விதி. எனக்கு 11 கால் வந்திருக்கலாம், நான் 11 புகார் கொடுத்திருக்கலாம். கணக்கில் நான் ஒரே ஆள்.

9/ ஒரு டெங்கு கேஸ் நான் ரிப்போர்ட் பண்ணினால், தெருவுக்குக் கொசு ஒழிப்பு ஆட்கள் வரணும். 5 பேர் படுக்கட்டும்னு காத்திருந்தால் அதுக்குப் பேர் பொது சுகாதாரமா? ஒரு சிம்மில் இருந்து நாள் முழுக்க சின்னச் சின்னக் கால் வெளியே போகுது, உள்ளே வர்றது ஏறக்குறைய பூஜ்யம். இந்த அறிகுறி கம்பெனி கம்ப்யூட்டரில் அன்னைக்கே தெரியும். இதைக் கவனிச்சுக் கண்டுபிடிக்கணும்னு அதே 2025 திருத்தம் சொல்லுது. கண்டுபிடிக்க மாட்டேங்கிறாங்க, ஏன்னா அந்த சிம்முக்கும் ரீசார்ஜ் பண்றது ஒரு வாடிக்கையாளர்தான்.

10/ அதனால அவங்க கணக்கையே நாம பிடிச்சுக்கலாம். அந்த நம்பரை என் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஒரே மாலையில் 6 வீட்டுக்காரங்க, "எனக்கும் வந்துச்சு"ன்னாங்க. எல்லாரும் அவங்கவங்க போனில் இருந்து 1909க்குத் தனித்தனியா புகார் கொடுத்தோம். இந்த முறை "பிளாக் பண்ணிக்கோங்க"ன்னு யாருக்கும் பதில் வரலை. அந்த நம்பரில் இருந்து காலும் நின்னுடுச்சு.

11/ முதல் தடவை நிரூபணமானால் 15 நாள் அவுட்கோயிங் கட். மறுபடி செய்தால் அந்த ஆள் பேரில் இருக்கிற எல்லா இணைப்பும் ஒரு வருஷத்துக்குப் போகும். நாளைக்கு வேற ஆள் பேரில் சிம் வாங்கி வருவாங்க, தெரியும். அப்பவும் 5 பேர் வேணும்.

12/ பிளாக் பண்ணினால் உங்க போன் மட்டும்தான் அமைதியாகும். அவன் அடுத்த வீட்டுக்குக் கூப்பிடுவான். பிளாக் பண்றதுக்கு முன்னாடி 1909. அதுக்கும் முன்னாடி, அந்த நம்பரை உங்க குரூப்பில் போடுங்க.