இரண்டு சுவிட்ச், மூன்று கம்பி. அதற்கு எத்தனை துளையடா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கேமரா வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள் சிலர், "சார், ரிமோட் கேபிள் எல்லாம் காலாவதியான சமாச்சாரம், போன் ஆப் போதும்" என்கிறார்கள். கேபிள் காலாவதியாகவில்லை. அதை வாங்குவதையே தலைவலியாக்கி உங்களை ஒதுங்க வைத்திருக்கிறார்கள். என் கோபம் அதைப் பற்றித்தான்.

முதலில் அதனுள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பட்டனைப் பாதி அழுத்தினால் ஒரு சுவிட்ச் மூடும். கேமரா ஃபோகஸ் செய்யும். முழுதாக அழுத்தினால் இன்னொன்றும் மூடும், படம் விழும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு எர்த் கம்பி. ஆக மொத்தம் மூன்று கம்பி. எட்டாம் வகுப்பில் நான் போர்டில் வரைந்த மின்சுற்றை விட எளிது. மின்னணு மூளை எதுவும் கிடையாது.

இந்த மூன்று கம்பிக்கு 2.5 மில்லிமீட்டர் ஜாக் தாராளமாகப் போதும். கேனனின் RS-60E3 அப்படித்தான். நுனியில் ஷட்டர், நடு வளையத்தில் ஃபோகஸ், அடியில் எர்த். பென்டாக்ஸும் இதே ஜாக்கை இதே வரிசையில் வைத்தது. ஒன்றின் கேபிள் மற்றதில் வேலை செய்யும்.

ஆனால் அதே கேனன், விலை கூடிய கேமராக்களில் N3 என்ற மூன்று பின் சாக்கெட்டை வைக்கிறது. 2020இல் ஆர்5, ஆர்6 இரண்டையும் ஒன்றாக அறிவித்தார்கள். ஆர்6இல் 2.5 ஜாக், ஆர்5இல் N3. உள்ளே போவது அதே மூன்று கம்பி! அண்ணன் வீட்டு ரிமோட் தம்பி வீட்டில் செருகாது.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். N3 பிளக் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். டிரைபாடில் கால் பட்டாலும் கழன்று வராது. ஜாக் வழுக்கி வந்துவிடும். நிக்கானின் பத்து பின் சாக்கெட் ஜிபிஎஸ் தகவலையும் வாங்கும், அதற்குக் கூடுதல் பின் வேண்டும்தான். சரி. ஆனால் பூட்டு வேண்டுமென்றால் எல்லா மாடலுக்கும் ஒரே பூட்டை வைத்திருக்கலாமே! ஃபிலிம் காலத்தில் ஷட்டர் பட்டனிலேயே திருகு துளை இருக்கும். கடையில் கிடைக்கும் எந்தக் கேபிளையும் பெரும்பாலான கேமராக்களில் திருகிவிடலாம். என்ன கம்பெனி என்று யாரும் கேட்டதில்லை.

இந்தக் குளறுபடியால் வரும் நஷ்டத்துக்கு ஒரு உதாரணம். என் தங்கை மகன் கேனன் 5டி மார்க் 4 வைத்திருக்கிறான். நட்சத்திரத் தடம் எடுக்க ஆசை. 30 வினாடிக்கு மேல் திறந்து வைக்க பல்ப் மோட் வேண்டும்; விரலால் அழுத்திப் பிடித்தால் படம் நடுங்கும். புத்தகத்தில் N3 என்று இருந்ததால் ஆன்லைனில் N3 என்று தேடி வாங்கினான். வந்தது நிக்கான் கேபிள்! மலிவு ரிமோட்டுகள் பலவற்றில் C1 என்றால் கேனன் ஜாக், C3 என்றால் கேனனின் மூன்று பின், N1 என்றால் நிக்கானின் பத்து பின், N3 என்றால் நிக்கானின் சின்ன சாக்கெட். கேனன்காரன் N3 என்பது அங்கே C3. பையன் மேல் என்ன தப்பு? அமாவாசை போயிற்று.

இன்னொரு பொறி, உருவம் ஒன்று, குணம் வேறு. பானசோனிக்கிலும் 2.5 ஜாக் உண்டு. ஆனால் அதில் நான்கு தொடுபுள்ளிகள்; சுவிட்சோடு மின்தடைகளைச் சேர்த்து, தடை அளவு மாறுவதை வைத்துக் கேமரா புரிந்துகொள்ளும். கேனன் கேபிளைச் செருகிவிட்டு 'கேமரா ரிப்பேர்' என்று கடைக்கு ஓடாதீர்கள். பிளக்கில் கறுப்பு வளையக் கோடுகளை எண்ணுங்கள். இரண்டு என்றால் கேனன் வகையாக இருக்கலாம்; மூன்று என்றால் நிச்சயம் இல்லை.

சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை 'பீப்' நிலையில் வையுங்கள். ஒரு முனை பிளக்கின் அடியில், மற்றது நடு வளையத்தில். பாதி அழுத்தும்போதே கத்த வேண்டும். பிறகு நுனிக்கு மாற்றுங்கள். முழுதாக அழுத்தினால் மட்டும் கத்த வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் படம் விழவில்லையா? இருட்டில் ஃபோகஸ் கிடைக்காமல் கேமரா காத்திருக்கிறது. லென்ஸை மேனுவலுக்கு மாற்றுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் கேபிள் தனியாகக் கழலும் ரிமோட்டாகப் பார்த்து வாங்குங்கள். கேமரா மாறினால் கேபிளை மட்டும் மாற்றினால் போதும். மாடல் பெயரைக் கமெண்டில் போடுங்கள், எந்தச் சாக்கெட் என்று பார்த்துச் சொல்கிறேன். சாக்கெட் படமும் இருந்தால் நல்லது. ரப்பர் மூடியைத் திறந்துவிட்டு எடுங்கப்பா!